தாண்டியில் நிரப்பு: மணாலி–லே சாலையில் பெட்ரோல் கணக்கு

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடத்தில் தாண்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அறிவிக்கும் அந்த இடத்துப் பலகை மிகவும் பிரபலம். லே போகிற ஒவ்வொருவரும் அதன்முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளையும் கோடைக்காலத்தில் அங்கே பார்க்கலாம். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஒரு பங்க்கை விட்டால் சில நிமிடங்களில் இன்னொன்று வந்துவிடும். அதனால் பெட்ரோலுக்காகத் திட்டம் போட்டுப் பழக்கமில்லாதவர்கள் நாம். மணாலி–லே சாலையில் அந்தத் திட்டம் இல்லாமல் முடியாது.

முதலில் தூரத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம். மணாலியிலிருந்து தாண்டி, அடல் சுரங்கம் வழியாக 60 கி.மீ.க்குச் சற்று மேல். தாண்டியிலிருந்து 8 கி.மீ.யில் கேலாங், அதைத் தாண்டி ஜிஸ்பா, தார்ச்சா. பிறகு ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா கணவாய். அதில் ஏறி இறங்கினால் சர்ச்சு. இது தாண்டியிலிருந்து 115 கி.மீ. அடுத்து 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், இரண்டு கணவாய்கள், பிறகு பாங். பாங் வரை 193 கி.மீ. அதன்பின் மோரே சமவெளி, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா, உப்ஷி, காரு. பலகை சொல்லும் 365 கி.மீ. லே நகரம் வரைக்குமான தூரம். லேவுக்கு 35 கி.மீ. முன்னாலேயே காருவில் ஒரு பங்க் இருக்கிறது. ஆக, உண்மையான இடைவெளி 330 கி.மீ.தான். இடையில் புதிதாக ஏதாவது பங்க் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் அதை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது கேள்வி: கணக்கை 330க்குப் போடுவதா, 365க்குப் போடுவதா? 365க்குத்தான். இந்த விஷயத்தில் மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகின்றன. ஆளில்லாச் சாலையில் நீங்கள் போய்ச் சேர நினைக்கும் பங்க் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த பங்க் வரை பெட்ரோல் இருக்க வேண்டும். இங்குள்ள பங்க்குகள் இரவெல்லாம் திறந்திருக்கும் நகரத்துப் பங்க்குகள் அல்ல. பொழுது சாய்ந்ததும் மூடிவிடலாம். டேங்கர் லாரி மண்சரிவில் மாட்டிக்கொண்டால் சரக்கு இருக்காது. மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் பம்ப் ஓடாது. காரு பங்க் திறந்திருந்தால் நல்லது. மூடியிருந்தாலும் லே வரை வண்டி ஓட வேண்டும்.

அடுத்தது மைலேஜ். ஊரில் உங்கள் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறதோ அதை இங்கே கொண்டுவரக் கூடாது. காரணங்கள் நான்கைந்து சேர்ந்து வருகின்றன. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக மணிக்கணக்கில் ஏற்றம். பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் மூட்டை. சாலை பெயர்ந்த இடங்களிலும் நீரோடைகளிலும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்தல். எல்லைச் சாலை அமைப்பினர் பாறையை அகற்றும் வரை வரிசையில் நிற்கும்போது, குளிருக்குப் பயந்து எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கும் பழக்கம். இதற்கெல்லாம் மேலே காற்று. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி இதை அறியாது. சமவெளிக்கு வைத்த அளவில் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று போதாமல் அது முழுதாக எரியாது. கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். இழுவை குறைகிறதே என்று நாம் இன்னும் முறுக்குவோம். எரிபொருள் ஊசிமுறை வண்டிகள் காற்றின் அளவை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் அவற்றில் இந்த வீணடிப்பு குறைவு. ஆனால் இழுவைக் குறைவும் ஏற்றமும் அவற்றுக்கும் உண்டு.

இறக்கத்தில் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனாலும் மொத்தத்தில், சுமையோடு ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்துக் கிடைத்த மைலேஜிலிருந்து கால் பங்கையாவது கழித்துவிடுங்கள். கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் எண்ணிலிருந்து கழிப்பது அல்ல இது. புறப்படும் முன் டேங்கை நிரப்பி, மூட்டைகளையும் கூட வருபவரையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டராவது ஓட்டி, மீண்டும் நிரப்பி, எத்தனை லிட்டர் ஏறியது என்று பார்த்துக் கிடைக்கும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்.

ஒரு வண்டியை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்று வைத்துக்கொள்வோம். டேங்க் 13 லிட்டர். இரண்டு பேர், மூட்டையோடு சமவெளியில் லிட்டருக்கு 33 கி.மீ. கிடைக்கிறது. கால் பங்கு கழித்தால் 25. தாண்டியில் டேங்க் நிறைந்தால் 13 லிட்டருக்கு 325 கி.மீ. போகலாம். காரு 330ஆவது கி.மீ.யில் இருக்கிறது. அதாவது எல்லாம் நாம் நினைத்தபடி நடந்தாலும் காருவுக்குச் சற்று முன்னால் டேங்க் காலி. உடலும் மனமும் குளிரில் விறைத்திருக்கும் நேரத்தில் வண்டியைத் தள்ள வேண்டும். ஒரு 5 லிட்டர் கேன் சேர்த்தால் கையில் 18 லிட்டர், 450 கி.மீ. லே வரை போய் இன்னும் 85 கி.மீ.க்கு மிச்சம் இருக்கும். ஒருவர் மட்டும் லேசான மூட்டையோடு போகிறார், டேங்க்கும் 17 லிட்டர் என்றால் கேன் தேவைப்படாமலே போகலாம். டேங்க் பத்து லிட்டருக்குச் சற்றே குறைவான சின்ன வண்டி என்றாலும் மைலேஜ் இருமடங்கு இருக்கும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. 40 லிட்டர் டேங்க் உள்ள காருக்கு லிட்டருக்கு 12 கி.மீ. கிடைத்தாலே 480 கி.மீ.; தாண்டியில் முழுதாக நிரப்பினால் போதும். இடையில் சிக்குவது நடுத்தர டேங்க்கும் நடுத்தர மைலேஜும் உள்ள 350 சிசி வகைகள்தான். அதிகம் பேர் ஓட்டிப் போவதும் அவற்றைத்தான்.

கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்துகள் அங்கேதான். தண்ணீர் பாட்டிலிலும் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேனிலும் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, விற்பனைக்கு அல்லாமல் உரிமம் இன்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் என்று வரையறுக்கிறது. கண்ணாடி, பீங்கான் போன்ற கலத்தில் ஒரு லிட்டர் வரை, உலோகக் கலத்தில் 25 லிட்டர் வரை, இறுக மூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் இதில் எங்கும் இல்லை. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள இரும்பு கேனை ஊரிலேயே வாங்கி, தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கசியாவிட்டால் நன்றாக உலர்த்தி எடுத்துக்கொள்ளலாம்.

கேனை நிரப்பும்போது வண்டியில் கட்டியபடி நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்து, பம்ப்பின் குழாய் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்ப வேண்டும். பெட்ரோல் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கிவிட இதுதான் வழி. விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு கை அகலம் இடம் விடுங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். தாண்டியில் மூடிய கேனைச் சர்ச்சுவில் திறந்தால் உஸ்ஸென்று ஆவி சீறும். மூடியைச் சட்டென்று கழற்றாமல் கால் திருகு திருகி, ஆவி அடங்கிய பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அருகில் சிகரெட்டோ அடுப்போ இருக்கக் கூடாது. கேனைக் கட்டும் இடம் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம்.

இந்த 5 லிட்டரை எப்போது டேங்கில் ஊற்றுவது? பெரும்பாலானோர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்து, வண்டி நின்ற பிறகு ஊற்றுகிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சர்ச்சுவிலேயே ஊற்றிவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெளிச்சத்தில், சமதரையில் வண்டியை நிறுத்தி ஊற்றினால் சிந்தாது. குழி விழுந்த சாலையில் கேன் குலுங்கும் பாடும் மிச்சம். இவை சிறிய லாபங்கள். பெரிய லாபம், உங்கள் வண்டி இந்த மலையில் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை அந்தக் கேனே அளந்து சொல்லிவிடும்.

தாண்டியில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி நிரப்புங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் டேங்க் முழுதாக நிறையாது. பெட்ரோல் டேங்க் வாயில் எந்த இடம் வரை வந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். சர்ச்சு வந்ததும் 115 கி.மீ. காட்டும். அதே மாதிரி சென்டர் ஸ்டாண்டு போட்டு, கேனை ஊற்றுங்கள். லிட்டருக்கு 25 கிடைத்திருந்தால் 4.6 லிட்டர் செலவாகியிருக்கும். டேங்க் பழைய அளவுக்கு வந்த பிறகும் கேனில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கணக்கு சரி, கவலை இல்லாமல் போகலாம். 5 லிட்டரும் சரியாகப் பிடித்தால் மைலேஜ் 23. டேங்கில் 13 லிட்டர், 299 கி.மீ. ஓடும், சர்ச்சுவிலிருந்து லே 250 கி.மீ. போதும்.

முழுக் கேனையும் ஊற்றியும் டேங்க் பழைய அளவைத் தொடவில்லை என்றால் கவனிக்க வேண்டும். அரை லிட்டர் குறைகிறது என்று தோன்றினால் மைலேஜ் 21க்கு வந்துவிட்டது. லே வரை மட்டுமட்டாகப் போகும். ஒரு லிட்டர் குறைந்தால் மைலேஜ் 19. இருப்பது 230 கி.மீ.க்கு. 215 கி.மீ.யில் உள்ள காரு எட்டும், லே எட்டாது. காரு பங்க் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போகிறீர்கள் என்று பொருள். ஆகவே மாலை நான்கு மணிக்குள் காருவை எட்டும்படி விடியலில் கிளம்ப வேண்டும். இரண்டு லிட்டர் குறைந்தால் காருவே எட்டாது. வண்டியில் ஏதோ கோளாறும் இருக்கிறது. கசிவா, அடைத்த ஏர் பில்டரா, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கா என்று அங்கேயே பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் தாண்டிக்குத் திரும்புவதுதான் முறை. சர்ச்சுவிலிருந்து திரும்ப 115 கி.மீ.; பாரலாச்சாவைத் தாண்டிவிட்டால் மீதி பெரும்பாலும் இறக்கம். பாங் போன பிறகு இந்த முடிவை எடுக்க நினைத்தால் திரும்பும் தூரம், போகும் தூரத்தைவிட அதிகமாகிவிடும். அதனால்தான் கேனைச் சர்ச்சுவில் திறக்கச் சொல்கிறேன்.

சர்ச்சுவிலும் பாங்கிலும் உள்ள கூடாரக் கடைகளில் சிலர் பாட்டிலில் பெட்ரோல் வைத்து விற்பார்கள். அவசரத்துக்கு வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் விலை கூடுதல், அளவுக்கும் தரத்துக்கும் பொறுப்பில்லை, இன்றைக்கு இருக்குமா என்பதும் தெரியாது. உயிர் காக்கக் கிடைத்தால் வாங்கலாம். திட்டத்தில் எழுதி வைக்கும் பெட்ரோல் அல்ல அது.

புது வண்டிகளிலும் கார்களிலும் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று திரையில் ஓர் எண் வருகிறது. மலைச் சாலையில் அதை நம்பாதீர்கள். கடந்த சில கிலோமீட்டரில் வண்டி எவ்வளவு குடித்ததோ அதை வைத்துத்தான் அது முன்னால் உள்ளதைச் சொல்கிறது. பாரலாச்சாவிலிருந்து சர்ச்சுவுக்கு இறங்கி முடித்ததும் எண் தாராளமாக ஏறியிருக்கும். அடுத்து வருவதோ காட்டா லூப்ஸ் ஏற்றம். ஏறி முடித்ததும் எண் பயமுறுத்தும் அளவுக்கு இறங்கும். கணவாய்களையும் பாங்கையும் கடந்தால் வருவதோ மோரே சமவெளி. இரண்டு தடவையும் அது காட்டுவது தவறு. முள் காட்டும் மானியும் சாய்வில் ஏமாற்றும், ஏனென்றால் டேங்குக்குள் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. ட்ரிப் மீட்டரும், நிரப்பிய லிட்டரும், ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் போதும்.

பெட்ரோல் கணக்கு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் நேரத்தில் தவறுகிறார்கள். மணாலியிலிருந்து தாண்டி வெறும் 60 கி.மீ.தானே, மத்தியானம் கிளம்பினால் என்ன என்று தோன்றும். அடல் சுரங்கம் 2020இல் திறந்ததிலிருந்து சிஸ்ஸு வரை சுற்றுலாக் கார்களின் கூட்டம்; விடுமுறை நாளில் வாகனங்கள் நகராமல் நிற்கும். தாண்டியில் பங்க் வாசலிலும் வரிசை. வெளிச்சம் போனபின் போய்ச் சேர்ந்தால் ஆள் இல்லாமல் இருக்கலாம். பங்க்கின் நேரத்தை வரைபடச் செயலியில் பார்த்து நம்புவதைவிட, முந்தின நாளே மணாலியில் தங்கும் விடுதிக்காரரைக் கொண்டு போன் போட்டு, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், சரக்கு இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். எதிர்த்திசையிலிருந்து வரும் லாரி ஓட்டுநர்கள் சொல்வது அதைவிடப் புதிய செய்தி.

இன்னொரு சிக்கல் ஜிஸ்பாவில் தங்குபவர்களுக்கு வருகிறது. ஜிஸ்பா ஆற்றோரத்தில் அழகான ஊர். உயரத்துக்கு உடம்பைப் பழக்க முதல் இரவைப் பலரும் அங்கே கழிக்கிறார்கள். மாலையில் களைப்போடு தாண்டியைக் கடக்கும்போது வரிசையைப் பார்த்து, காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். காலையில் பார்த்தால் பங்க் 30 கி.மீ. பின்னால். திரும்பிப் போய் வர 60 கி.மீ. பங்க் எப்போது திறக்குமோ அதற்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் நண்பகலாகிவிட்டால் பனி உருகி ஓடைகளில் நீர் ஏறிவிடும். பாரலாச்சாவை நோக்கிப் போகும் வழியில் மாலை ஓடைகள் காலை ஓடைகளைவிட மோசமானவை. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடக்கும்போதே நின்று நிரப்புங்கள். பங்க் மூடிய பிறகுதான் தாண்டி வந்தீர்கள் என்றால் ஜிஸ்பா வரை போகாமல் 8 கி.மீ.யில் கேலாங்கில் தங்கி, காலையில் திரும்பி வந்து நிரப்பலாம். நஷ்டம் 16 கி.மீ. மட்டும்.

மணாலியிலும் நிரப்பிவிட்டே கிளம்ப வேண்டும். தாண்டியில் நிரப்பத்தானே போகிறோம் என்று கால் டேங்கோடு வருபவர்களுக்கு, அன்று அங்கே சரக்கு இல்லை என்றால் வழியே கிடையாது. மணாலியில் நிரப்பியவருக்கு இரண்டரை லிட்டர்தான் குறைந்திருக்கும். ஒரு நாள் காத்திருக்கலாம், மணாலிக்கே திரும்பவும் செய்யலாம். கையில் ரொக்கம் வேண்டும். போன் மூலம் பணம் செலுத்த நெட்வொர்க் வேண்டும், வழியில் பெரும்பகுதி அது இல்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும்.

லேவிலிருந்து மணாலிக்குத் திரும்புகையில் கணக்கு வேறு. லேவில் எல்லா வசதியும் இருப்பதால் அங்கே நிரப்புவது எளிது. காருவில் திறந்திருந்தால் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். பிரச்சினை மறுமுனையில். ஒரே மூச்சில் வருபவர்கள் தாண்டியை இருட்டிய பிறகுதான் தொடுவார்கள், அப்போது அது மூடியிருக்கலாம். அடுத்தது மணாலி. 365உடன் 65ஐச் சேர்த்தால் 430 கி.மீ.; லிட்டருக்கு 25 என்றால் 17.2 லிட்டர். நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் கேனோடு சேர்த்து 18 லிட்டர்தான். மிச்சம் 20 கி.மீ. அளவு, அது போதாது. ஆகவே திரும்பும் வழியில் காருவில் விளிம்பு வரை சேர்த்துக்கொண்டு, இரவைக் கேலாங்கில் கழித்து, காலையில் பங்க் திறந்ததும் தாண்டியில் நிரப்பிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைவதே சரியான ஏற்பாடு.